கொக்கைப் பறக்க வைப்பது: 8 படம், 14 ஃபிரேம், 12 பிக்சல்

பறவை பறப்பதை வரையத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இரண்டே படம் போடுகிறார்கள்: சிறகு மேலே, சிறகு கீழே. நடுவில் இருப்பதை மென்பொருளே நிரப்பிவிடுகிறது. ஓடவிட்டால் சிறகு கதவுப் பலகை மாதிரி மேலும் கீழும் அடிக்கும், உடல் ஆணி அடித்த மாதிரி நிற்கும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பறவையை, ஒரே ஒரு 4 நொடி ஷாட்டை எடுத்துக்கொண்டு அதை முழுதாகச் செய்து பார்ப்போம். பறவை பெரிய வெண்கொக்கு. திரையின் இடப்பக்கம் நுழைந்து, சில தடவை சிறகடித்து, கொஞ்சம் மிதந்து வலப்பக்கம் வெளியேறுகிறது. அவ்வளவுதான் ஷாட்.

கொக்கைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பெரிய வெண்கொக்கு நொடிக்கு ஏறத்தாழ இரண்டு தடவைதான் சிறகடிக்கும். நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் ஓர் அடிப்புக்குப் பன்னிரண்டு ஃபிரேம் கிடைக்கிறது. ஒவ்வொரு நிலையையும் வரைந்து காட்ட அது போதும். காகம் இதைவிட நன்றாக வேகம். அதற்கு ஆறு ஃபிரேம் அளவில்தான் இடம் கிடைக்கும். சிட்டுக்குருவி நொடிக்குப் பத்துக்கு மேல் அடிப்பதால் மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் ஒரு மங்கல் கீற்று என்று முடித்துவிட வேண்டியதுதான். சிறகின் வேலையைக் கற்றுக்கொள்ள மெதுவாக அடிக்கும் பெரிய பறவையே நல்லது.

கார்ட்டூனில் இன்னும் கொஞ்சம் நிதானமாக அடித்தால் கொக்குக்கு ஒரு கம்பீரம் வரும். அதனால் நாம் ஓர் அடிப்புக்கு 14 ஃபிரேம் வைத்துக்கொள்வோம்.

பேனா எடுப்பதற்கு முன்

கொக்கை வரையும்போது கழுத்தைப் பாருங்கள். கொக்கு பறக்கும்போது கழுத்தை S போல மடித்துத் தோளுக்குள் இழுத்துக்கொள்ளும். கால்கள் வாலுக்குப் பின்னால் நீண்டு கிடக்கும். கழுத்தை நேராக நீட்டிப் பறப்பது மஞ்சள் மூக்கு நாரை போன்றவை. இதைக் குழப்பிவிட்டால் சிறகடிப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேடந்தாங்கல் பக்கம் போய்வந்த எவரும் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அடுத்தது கோணம். முழுப் பக்கவாட்டுக் கோணத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. சிறகு உடலின் மட்டத்துக்கு வரும்போது அது பார்ப்பவரை நோக்கி நீண்டிருக்கும். திரையில் வெறும் மெல்லிய பட்டையாகத்தான் தெரியும். அடிப்பின் பலமெல்லாம் இருக்கும் இடம் அது, ஆனால் அங்கே காட்ட ஒன்றுமே இல்லை. அதனால் கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்கி, பறவையைச் சற்றுக் கீழிருந்து பார்ப்பதுபோல வரையுங்கள். நடுநிலையில் சிறகின் அடிப்புறம் அகலமாகத் தெரியும். எல்லாரும் தரையில் நின்றுதானே கொக்கைப் பார்க்கிறோம், அதனால் கண்ணுக்கும் பழக்கமான கோணம்.

சிறகை ஒரே வடிவமாக நினைக்காமல் கை போல நினையுங்கள். தோள், முழங்கை, மணிக்கட்டு, அதற்கப்புறம் நீண்ட நுனி இறகுகள். நமக்கு முக்கியமானவை இரண்டு: மணிக்கட்டும் நுனியும். தசை இழுப்பது மணிக்கட்டு வரைக்கும்தான். நுனி இறகுகள் பின்னால் இழுபட்டு வருகின்றன. ஈரத் துண்டை உதறும்போது கை கீழே வந்த பிறகும் துண்டின் முனை மேலேயே இருக்குமே, அதே கதைதான்.

முதலில் பாதை, பிறகு சிறகு

நேராகச் சிறகை வரையத் தொடங்காதீர்கள். தனி லேயரில் உடலை மட்டும் ஒரே இடத்தில், ஒரே படமாக வரைந்துகொள்ளுங்கள். நமது கொக்கு அலகு முதல் கால்நுனி வரை 400 பிக்சல் நீளம், வலப்பக்கம் பார்க்கிறது. இன்னொரு லேயரில் சிறகு நுனி போகும் பாதையை மெல்லிய கோடாகப் போடுங்கள்.

அந்தப் பாதை நேர்கோடும் இல்லை, ஒரே வில்லில் போய்த் திரும்புவதும் இல்லை. கீழே அடிக்கும்போது நுனி முன்பக்கமாகச் சரிந்து இறங்குகிறது. மேலே வரும்போது சிறகு மடிந்து, உடலை ஒட்டி, பின்பக்கமாக ஏறுகிறது. ஆக, நுனியின் பாதை ஒரு சாய்ந்த நீள்வட்டம்: மேல்முனை வாலை நோக்கிச் சாய்ந்திருக்கும், கீழ்முனை அலகை நோக்கிச் சாய்ந்திருக்கும். வலப்பக்கம் பார்க்கும் பறவையின் நுனி இந்த வட்டத்தில் கடிகார முள் திசையில் சுற்றும். மணிக்கட்டுக்கும் இதே போல் ஒரு பாதை உண்டு. அது சின்னது, ஒடுங்கியது.

நீள்வட்டத்தின் வலது ஓரம் இறக்கம், இடது ஓரம் ஏற்றம். இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள இடைவெளிதான் பறவைக்கு உயிர் தருகிறது. இடைவெளி இல்லாமல் போன வழியிலேயே நுனி திரும்பி வந்தால், முதலில் சொன்ன கதவுப் பலகைதான் மிஞ்சும்.

எட்டுப் படங்கள்

ஓர் அடிப்பை எட்டுப் படமாக வரையப் போகிறோம். வரிசைப்படி 1, 2, 3 என்று வரைய வேண்டாம். முதலில் 1, 5. பிறகு 3, 7. கடைசியில் மிச்சம் நாலு.

1 என்பது நுனி உச்சியில் இருக்கும் படம். இதில் மணிக்கட்டு ஏற்கெனவே இறங்கத் தொடங்கிவிட்டது. நுனி மட்டும் மேலே, கொஞ்சம் பின்சாய்ந்து நிற்கிறது. 5 என்பது நுனி அடியில், அலகை நோக்கி முன்னே தள்ளி நிற்கும் படம். அதிலும் மணிக்கட்டு கிளம்பிவிட்டது, மேல்நோக்கி. இரண்டு படத்திலுமே சிறகு விறைப்பாக நேராக இருக்கக் கூடாது. மணிக்கட்டு ஒரு படம் முன்னால் ஓடுகிறது, நுனி ஒரு படம் பின்னால் வருகிறது என்று மனதில் வைத்துக்கொண்டால் வளைவு தானாக வரும்.

இப்போது 3, 7. இவை இரண்டும் 1-க்கும் 5-க்கும் நடுவில் வருகிறவை, ஆனால் ஒன்று போகும் வழி, மற்றது வரும் வழி. மென்பொருளை நிரப்பச் சொன்னால் இரண்டையும் ஒரே மாதிரி போட்டுவிடும். கையால் வரைய வேண்டியது இங்கேதான்.

3-இல் சிறகு முழுதாக விரிந்திருக்கிறது. எட்டுப் படத்திலும் பரப்பளவு அதிகம் உள்ள படம் இதுதான். காற்று கீழிருந்து தள்ளுவதால் நுனி இறகுகள் மேல்நோக்கி வளைந்திருக்கும். விரல் விரலாகப் பிரிந்திருப்பதாகக் காட்டலாம். கார்ட்டூனுக்கு மூன்று பிரிவு போதும். 7-இல் எல்லாம் தலைகீழ். முழங்கை மடிந்து, மணிக்கட்டு முதுகுக்கு மேலே ஏறிவிட்டது, நுனி கீழ்நோக்கித் தொங்குகிறது. சிறகின் பரப்பளவு 3-இல் இருப்பதில் பாதிகூட இருக்காது. மேலே வரும்போது காற்றை அள்ளாமல் நழுவி வரத்தான் பறவை மடிக்கிறது. 3-ஐயும் 7-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிழலுருவாகக் கறுப்பு நிரப்பிப் பார்த்தாலும் இரண்டும் வேறு வேறு என்று தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் இடைப்படங்களுக்குப் போகாதீர்கள், இதைத் திருத்துங்கள்.

மிச்சம் எளிது. 2-இல் மணிக்கட்டு நன்றாக இறங்கிவிட்டது, நுனி இன்னும் மேலேயே இழுபடுகிறது. 4-இல் மணிக்கட்டு தன் அடிப்புள்ளியில் இருக்கிறது, நுனி அதைத் துரத்திக்கொண்டு வருகிறது. 6-இல் முழங்கை மடியத் தொடங்கி மணிக்கட்டு ஏறுகிறது, நுனி கீழே தங்கிவிட்டது. 8-இல் மணிக்கட்டு உச்சியில். நுனி வெளிப்பக்கமாகச் சுழற்றி எறியப்படுகிறது. அதற்கப்புறம் மறுபடி 1.

அப்பாலிருக்கும் சிறகை மறக்க வேண்டாம். பறவை இரண்டு சிறகையும் ஒன்றாகத்தான் அடிக்கிறது. ஒரே மாதிரி அச்சடித்தாற்போல இருக்கிறதே என்று சிலர் தூரச் சிறகை இரண்டு படம் தள்ளிப் போடுவார்கள். அப்படிச் செய்தால் கொக்கு நீச்சலடிக்கிற மாதிரி ஆகிவிடும். நேரத்தைத் தள்ளாதீர்கள், இடத்தைத் தள்ளுங்கள்: தூரச் சிறகைக் கொஞ்சம் முன்பக்கம் நகர்த்தி, சற்றுச் சிறிதாக்கி, ஒரு நிழல் அடர்த்தியாக நிறம் கொடுத்தால் இரண்டும் பிரிந்து தெரியும்.

எந்தப் படம் எத்தனை ஃபிரேம்

எட்டுப் படத்தையும் இரண்டிரண்டு ஃபிரேம் நிறுத்தினால் 16 வரும், இறக்கமும் ஏற்றமும் சம நேரம் எடுக்கும். பார்க்கச் சரியாகத்தான் இருக்கும், ஆனால் இயந்திரத்தனம். விரிந்த சிறகு காற்றை அழுத்திக்கொண்டு இறங்குகிறது; மடிந்த சிறகு தடையில்லாமல் ஏறுகிறது. ஆகவே ஏற்றத்துக்கு நேரத்தைக் குறைக்கிறோம். 6, 7 இரண்டுக்கும் ஒவ்வொரு ஃபிரேம், மற்றதெல்லாம் இரண்டிரண்டு.

```
படம்     1   2   3   4   5   6   7   8
ஃபிரேம்   2   2   2   2   2   1   1   2
உடல்    -3  -6  -4   0  +4  +6  +5  +3
```

1-இலிருந்து 5 வர 8 ஃபிரேம், 5-இலிருந்து 1 வர 6 ஃபிரேம். மொத்தம் 14. மூன்றாவது வரிசைக்கு இப்போது வருவோம்.

நடுவில் ஒரு தகவல். பிரான்சில் எத்தியென்-ஜூல் மாரே என்ற உடலியல் அறிஞர் 1882-இல் துப்பாக்கி வடிவில் ஒரு கேமரா செய்து, பறக்கும் பறவைகளை நொடிக்கு 12 படம் எடுத்தார். 24 ஃபிரேமில் ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃபிரேம் நிறுத்தும் நமது வழக்கமும் நொடிக்கு 12 படம்தான். அவர் எடுத்த படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. ஒரே சட்டகத்தில் சிறகு நிலைகள் வரிசையாக விழுந்திருக்கும் அந்தப் படங்களை ஒரு தடவை பார்த்துவிட்டு 3-ஐயும் 7-ஐயும் வரைந்தால் கை தானாகத் திருந்தும்.

உடலின் மெல்லிய ஏற்ற இறக்கம்

அதிகம் பேர் தவறவிடும் இடம் இதுதான். சிறகு மேலே போனால் உடலும் மேலே, சிறகு கீழே வந்தால் உடலும் கீழே என்று போட்டுவிடுகிறார்கள். ஓடவிட்டுப் பார்த்தால் யாரோ நூல் கட்டி மேலேயிருந்து தூக்கித் தூக்கி விடுவது போல இருக்கும்.

நடப்பது இதற்கு எதிர். சிறகு கீழே தள்ளும்போது உடல் மேலே எழுகிறது. சிறகு மேலே வரும்போது தாங்குவதற்கு ஒன்றுமில்லாமல் உடல் சற்றுத் தாழ்கிறது. ஆனால் அச்சு அசலாக எதிராக வைத்தாலும் முழுதாகச் சரிவராது. உடலுக்கு எடை இருக்கிறது. சிறகு அடித்து முடித்த பிறகும் எழுந்த வேகத்தில் உடல் கொஞ்சம் மேலே போய்க்கொண்டிருக்கும். அதேபோல் சிறகு உச்சிக்கு வந்து மறுபடி அழுத்தத் தொடங்கிய பிறகும் உடல் இன்னும் விழுந்துகொண்டிருக்கும். ஆகவே உடல் ஒரு படம் தாமதம்: நுனி 5-இல் அடிக்கு வருகிறது, உடல் 6-இல் உச்சிக்கு வருகிறது. நுனி 1-இல் உச்சியில் இருக்கிறது, உடல் 2-இல்தான் அடிமட்டத்தைத் தொடுகிறது. அட்டவணையின் மூன்றாவது வரிசை இதைத்தான் பிக்சலில் சொல்கிறது. கூட்டல் என்றால் மேலே. பல மென்பொருளில் Y எண் கீழே போகப் போகக் கூடும், அப்படி இருந்தால் குறிகளை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

அளவையும் கவனியுங்கள். மேலிருந்து கீழ் வரை மொத்தம் 12 பிக்சல், அதாவது 400 பிக்சல் பறவைக்கு 3 சதவீதம். தனியாக உடலை மட்டும் ஓடவிட்டால் அசைகிறதா என்றே சந்தேகமாக இருக்கும். சிறகோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் எடை தெரியும். இதை 30, 40 என்று கூட்டினால் கொக்கு குதிரைச் சவாரி போகும்.

கணினியில் செய்கிறீர்கள் என்றால் எட்டு எண்ணையும் கையால் கொடுக்கத் தேவையில்லை. முழுப் பறவையையும் ஒரு குழுவாக்கி, அதன் உயரத்துக்கு இரண்டே கீ, அதாவது எண்ணைக் குறித்து வைக்கும் ஃபிரேம், போதும்: ஃபிரேம் 3-இல் -6, ஃபிரேம் 11-இல் +6. அப்புறம் 17-இல் மறுபடி -6. இரண்டு பக்கமும் மெல்லக் கிளம்பி மெல்ல நிற்க வைக்கும் ஈஸ் வைத்துவிட்டால் நடுவில் உள்ள எண்கள் அட்டவணைக்குப் பக்கத்தில் வந்துவிடும். இப்படிச் செய்தால் சிறகுப் படங்கள் இரண்டு ஃபிரேம் நின்றாலும் உடல் ஒவ்வொரு ஃபிரேமும் நகரும். தரையில் கால் பதிக்கும் பாத்திரத்துக்கு இது வழுக்கலாகத் தெரியும். பறவைக்குத் தரையே இல்லை, அதனால் இங்கே தாராளமாகச் செய்யலாம்.

தலைக்கு மட்டும் விலக்கு. பறவைகள் தலையை நிலையாக வைத்துக்கொள்ளும்; உடல் எழுந்து தாழ்வதைக் கழுத்து வாங்கிக்கொள்ளும். உடல் 12 பிக்சல் ஆடினால் தலைக்கு 4 போதும். உடல் எழும்போது S வளைவு கொஞ்சம் இறுகும், தாழும்போது கொஞ்சம் தளரும். கால்கள் நேர் எதிர்: உடலை இரண்டு படம் தாமதமாகத் தொடர்ந்து, நுனியில் நாலைந்து பிக்சல் அசையட்டும். தலை அமைதி, உடல் மெல்லிய ஆட்டம், கால் இழுபட்ட அசைவு என்று மூன்றும் வேறு வேறாக இருக்கும்போது பறவை ஒட்டுப்படம் போலத் தெரியாது.

லூப்பைச் சோதிப்பது

பின்னணி, பயணம் எதுவும் சேர்க்காமல் லூப்பை மட்டும் ஓடவிடுங்கள். ஒவ்வொரு அடிப்பிலும் உச்சியில் ஒரு சின்னத் திக்கல் தெரிந்தால், கடைசியிலும் 1-ஐச் சேர்த்திருக்கிறீர்கள். 8-க்குப் பிறகு லூப் தானாக 1-க்குப் போகும். இரண்டாவது 1 தேவையில்லை.

நுனி எங்கோ துடிக்கிறது, ஆனால் எந்தப் படம் என்று தெரியவில்லை என்றால் புள்ளிச் சோதனை செய்யுங்கள். புதிய லேயரில் எட்டுப் படத்துக்கும் நுனி இருக்கும் இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி, மணிக்கட்டில் ஒரு நீலப் புள்ளி. படத்தை அணைத்துவிட்டு, எல்லாப் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக மங்கலாகக் காட்டும் ஆனியன் ஸ்கின்னில் புள்ளிகளை மட்டும் பாருங்கள். எட்டுச் சிவப்புப் புள்ளிகளும் நீள்வட்டத்தின் மேல் விழ வேண்டும். ஒன்று வெளியே நின்றால் குற்றவாளி அதுதான். உச்சியிலும் அடியிலும் புள்ளிகள் நெருக்கமாக, நடுவில் தள்ளித் தள்ளி இருப்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் சம தூரத்தில் இருந்தால் சிறகு திரும்பும் இடத்தில் எடை இருக்காது.

சிறகு நீண்டு சுருங்குவதாகத் தோன்றினால் தோளிலிருந்து மணிக்கட்டு வரை 1-லும் 5-லும் அளந்து பாருங்கள். கிட்டத்தட்ட சமமாக இருக்க வேண்டும். 3-ஐ ஒட்டி நம்மை நோக்கி நீள்வதாலும், 7-ஐ ஒட்டி முழங்கை மடிவதாலும் குறையலாம். வேறெங்கும் குறைந்தால் வரைந்ததில் பிசகு.

4 நொடி ஷாட்

லூப் சரியாகிவிட்டது. திரை 1920 பிக்சல் அகலம், 1080 உயரம். ஷாட் 96 ஃபிரேம். ஐந்து அடிப்பு 70 ஃபிரேம் எடுக்கும். மீதி 26-இல் பெரும்பகுதி மிதப்பு. 96 ஃபிரேமும் லூப்பையே ஓட்டினால் மூன்றாவது அடிப்பிலேயே பார்ப்பவருக்கு அது லூப் என்று தெரிந்துவிடும், அதனால்தான் மிதப்பு.

பறவையின் நடுப்புள்ளி திரைக்கு வெளியே -200-இல் தொடங்கி 2120-இல் முடிகிறது. கடக்க வேண்டியது 2320 பிக்சல், ஃபிரேமுக்கு ஏறத்தாழ 24. இதை இரண்டு ஃபிரேமுக்கு ஒருமுறை நகர்த்தினால் 48 பிக்சல் தாவும், கண்ணில் தெறிக்கும். ஆகவே இடநகர்வு ஒவ்வொரு ஃபிரேமும் நடக்கட்டும்.

பயணத்தை உடலின் ஏற்ற இறக்கம் இருக்கும் குழுவில் போடாமல், அதற்கு மேலே இன்னொரு குழுவில் போடுங்கள். பிறகு பாதையைத் திருத்தினாலும் ஆட்டம் கலையாது. கிடைமட்டத்துக்கு ஃபிரேம் 1, 96 என்று இரண்டே கீ, நேர்கோடாக, ஈஸ் இல்லாமல். நடுவில் ஒரு கீ வைத்து அதில் மென்பொருள் தானாக ஈஸ் போட்டுவிட்டால், கொக்கு நடு வானத்தில் பிரேக் போட்டு மறுபடி கிளம்பும். இதை அடிக்கடி பார்க்கலாம். உயரத்துக்கு மட்டும் மூன்று கீ: ஃபிரேம் 1-இல் மேலிருந்து 420, ஃபிரேம் 71-இல் 350, ஃபிரேம் 96-இல் 430. இதற்கு ஈஸ் வேண்டும். மெல்ல ஏறி, மிதக்கும்போது சரிந்து இறங்கும் ஒரு நீண்ட வில் கிடைக்கும்.

மிதப்புக்குள் நுழைவதில் அவசரம் வேண்டாம். ஆறாவது அடிப்பைத் தொடங்குவதுபோல 71-72இல் படம் 1, 73-74இல் படம் 2. பிறகு மூன்று புதிய படங்கள். 75 முதல் 78 வரை சிறகு விரிந்து, நுனி இன்னும் மேல்நோக்கி வளைந்திருக்கிறது. 79 முதல் 84 வரை நுனி தன் இடத்தைத் தாண்டி ஆறு பிக்சல் கீழே போகிறது. 85 முதல் கடைசி வரை அந்த ஆறு பிக்சலைத் திரும்ப ஏறி நிற்கிறது. கொக்கு மிதக்கும்போது சிறகு தட்டையாக இருக்காது, மணிக்கட்டிலிருந்து நுனி வரை லேசாகக் கீழே வளைந்திருக்கும். கழுகு மாதிரி நுனியை மேலே தூக்கிவிடாதீர்கள்.

உடலின் ஆட்டத்தையும் வெட்டி நிறுத்தக் கூடாது. ஃபிரேம் 73-இல் -6, 80-இல் +2, 86-இல் 0. அதற்கப்புறம் பாதையின் சரிவு மட்டும்.

பக்கத்தில் இன்னும் இரண்டு கொக்கு

மாலை வானம் என்றால் ஒரு கொக்கு தனியாகப் போவது அரிது, மூன்று கொக்காவது வேண்டும் என்று இயக்குநர் கேட்பார். அதே லூப்பை அப்படியே நகலெடுத்தால் மூன்றும் அணிவகுப்பு போல ஒரே நேரத்தில் அடிக்கும். இரண்டாவதை 5 ஃபிரேம், மூன்றாவதை 9 ஃபிரேம் தள்ளித் தொடங்குங்கள். மூன்றாவதை 80 சதவீதமாகச் சுருக்கினால் தூரத்தில் இருப்பதாகத் தெரியும். அப்போது 12 பிக்சல் ஆட்டமும் அதே விகிதத்தில் சுருங்கியதா என்று பாருங்கள். ஆட்டத்தின் கீ, சுருக்கும் குழுவுக்கு வெளியே இருந்தால் அது சுருங்காது, தூரத்துக் கொக்கு தன் அளவுக்குப் பக்கத்துக் கொக்கைவிட அதிகமாகக் குதிக்கும். இரண்டாவதுக்கு மிதப்பை எடுத்துவிட்டுக் கடைசி வரை அடிக்கவே விடுங்கள்; முதல் கொக்கு சரிந்து இறங்கும்போது அது மேலேயே போய்க்கொண்டிருக்கும்.